காதில் சீழ் வடியும் பிள்ளையை எப்போது அனுப்புவது? தன்னார்வலர்களுக்கான பேச்சு – கருத்துக் கேட்கிறேன்

ஏரியூர்_செவிலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பென்னாகரம் பகுதியில் 19 ஆண்டுகளாகக் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி வருகிறேன். அடுத்த வாரம் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் 22 பேருக்குக் காது நோய்களைப் பற்றி 45 நிமிடம் பேச வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய நாளிலிருந்து, இவர்கள் பெரும்பாலும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடுதான் வீட்டுப்படி ஏறுகிறார்கள். ஆனால் அந்தப் பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேரப்பிள்ளையின் காதை வீட்டுக்குள் போய்ப் பார்க்கக்கூடியவர்களும் இவர்கள்தான். ஆகவே பேச்சு முழுவதையும் ஒரே நிகழ்வின் மீது அமைக்க நினைக்கிறேன். அதைக் கீழே எழுதுகிறேன். பிழை இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள்.

எங்கள் பகுதியில் ஒரு தன்னார்வலர், மாதாந்திர மாத்திரை கொடுக்க ஒரு பாட்டியின் வீட்டுக்குப் போயிருந்தார். திண்ணையில் தலையணையை வெயிலுக்குப் போட்டிருந்தார்கள். அதன் உறையில், ஒரே பக்கத்தில், கைப்பிடி அளவுக்கு மஞ்சள் கறை வட்டம் வட்டமாகப் படிந்திருந்தது. பக்கத்தில் போனால் அழுகிய மீன் போன்ற நாற்றம் வந்தது. அது எட்டு வயதுப் பேத்தியின் தலையணை. கேட்டதற்குத் தாய், "அவளுக்கு வலது காது எப்போதும் கொஞ்சம் ஒழுகும், சளி பிடித்தால் கூடும், வலி ஏதும் இல்லை, அதனால் விட்டுவிட்டோம்" என்றார். இரண்டு வயதில் ஒருமுறை மட்டும் இரவெல்லாம் காதைப் பிடித்துக்கொண்டு அழுததாகவும், விடியற்காலையில் காதிலிருந்து தண்ணீர் போல் வந்ததும் அழுகை நின்று தூங்கிவிட்டதாகவும் சொன்னார். அதன் பிறகு அவ்வப்போது பூண்டு காய்ச்சிய எண்ணெய் விட்டு வந்திருக்கிறார்கள். பள்ளியில் பிள்ளை "கூப்பிட்டால் திரும்புவதில்லை, கவனம் இல்லை" என்று பெயர் வாங்கியிருந்தாள்.

இதில் நான் தன்னார்வலர்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். காது வலித்து அழுத குழந்தை, சீழ் வந்தவுடன் அமைதியாவது நோய் குணமான அடையாளம் அல்ல. உள்ளே தேங்கிய சீழின் அழுத்தத்தால் செவிப்பறை கிழிந்து வழி கிடைத்ததால்தான் வலி குறைகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தக் கிழிசல் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். மூடாமல் வடிந்துகொண்டே இருப்பதுதான் சிக்கல். வலிக்காத காதை யாரும் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை என்பதால், நாம்தான் நாள் எண்ண வேண்டும். சீழ் 14 நாட்களுக்குள் நின்றால் ஒரு கணக்கு. 14 நாட்களையும் தாண்டினால் வேறு கணக்கு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த சிகிச்சை வழிகாட்டியும் இதே 14 நாள் எல்லையைத்தான் வைக்கிறது.

அந்தப் பெண்ணின் காதைப் பார்த்தபோது மூன்று கேள்விகள்தான் நான் கேட்டேன். எத்தனை நாளாக? நாற்றம் உண்டா? காதின் பின்புறம் வீக்கமோ, தொட்டால் வலியோ உண்டா? தன்னார்வலர்களும் இந்த மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன். மேலும் சேர்த்தால் மறந்துவிடுவார்கள். சரிதானா?

---

பாலக்கோடு_மருந்தாளுநர் எழுதியது:

அம்மா, பேச்சு நன்றாக இருக்கிறது. 14 நாள் எல்லையை நானும் பலரிடம் சொல்லி வருகிறேன். ஆனால் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர், சீழ் வந்தால் முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடு கேட்கிறார்கள். நுரைத்துக்கொண்டு அழுக்கெல்லாம் வெளியே வந்துவிடும், பிறகு சொட்டு மருந்து உள்ளே இறங்கும் என்பதால் நானும் கொடுத்திருக்கிறேன். அதன் பிறகு ஜென்டாமைசின் சொட்டு மருந்து. சீழ் இரண்டு மூன்று நாளில் நின்றுவிடுகிறது. தன்னார்வலர்கள் இதை ஆரம்பத்திலேயே செய்தால், பாதிப் பேரை மருத்துவமனைக்கு அனுப்பவே தேவையிருக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கூட்டம் குறையும்.

---

காது_மூக்கு_மருத்துவர் எழுதியது:

நான் கிருஷ்ணகிரி பகுதியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பணிபுரிகிறேன். மருந்தாளுநர் ஐயா, உங்கள் நோக்கம் நல்லது. ஆயினும் நீங்கள் சொன்ன இரண்டையும் நான் ஏற்க முடியாது. அதன் காரணத்தைச் சொல்கிறேன்.

சீழ் வடியும் காதில் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். ஓட்டையின் வழியாகச் சொட்டு மருந்து நடுச்செவிக்குள் போகும். அங்கிருந்து உட்செவியின் மெல்லிய சாளரங்களைத் தொடும். ஜென்டாமைசின், நியோமைசின் போன்றவை உட்செவியின் உணர்வுச் செல்களைக் கெடுக்கக்கூடியவை. சில நாட்களில் கெடுத்துவிடும் என்று எல்லோருக்கும் சொல்ல முடியாது, ஆனால் ஒரு பிள்ளைக்கு நேர்ந்தாலும் திரும்ப வராத கேட்பிழப்பு அது. சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு மருந்துக்கு அந்தத் தீங்கு இல்லை. அதையும் மருத்துவர் பார்த்துவிட்டுக் கொடுப்பதுதான் முறை. பெராக்சைடு நுரைக்கும்போது வெளிச்செவியின் அழுக்கு மட்டும் கலைகிறது. ஓட்டையுள்ள காதில் அந்த நுரை உள்ளே போய் எரிச்சலையும் தலைச்சுற்றலையும் தரும்.

இன்னொன்று, சீழ் மூன்று நாளில் நின்றதால் நோய் போய்விட்டதாக நினைக்காதீர்கள். சளியோடு சேர்ந்து வரும் சீழ் எந்த மருந்தும் இல்லாமலே சில நாளில் நிற்கும். அடுத்த சளிக்கு மீண்டும் வரும். ஓட்டை அப்படியே இருக்கும்.

செவிலியம்மா, உங்கள் மூன்று கேள்விகளும் சரி. ஆனால் அந்தப் பெண் பிள்ளையின் நாற்றம், அளவு இரண்டையும் இன்னும் விரிவாகச் சொல்லுங்கள். நான் ஏன் கேட்கிறேன் என்றால், வடியும் சீழிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்று, சளி போன்று நூலாக, நிறைய வருவது. நாற்றம் இருக்காது, சளி பிடித்தால் கூடும். இது செவிப்பறையின் நடுவில் ஓட்டை உள்ளவர்களுக்கு வருவது. தொல்லை தந்தாலும் பொதுவாக ஆபத்து குறைவு. மற்றொன்று, சிறிதளவே, மஞ்சளாகவோ இரத்தம் கலந்தோ வருவது. ஆனால் தலையணை வரை நாறும். இரண்டாவது விதத்தில், செவிப்பறையின் மேற்புறத்தில் ஒரு சிறு பை உள்ளே இழுக்கப்பட்டு, அதில் தோல் உதிர்ந்து உதிர்ந்து வெண்மையாகச் சேரும். அதைக் கொலஸ்டியாட்டோமா என்கிறோம். அந்தப் பை வளர்ந்து பக்கத்து எலும்பை அரித்துவிடும். கேட்புக்கான சின்ன எலும்புகள், முகத்தின் நரம்பு போகும் கால்வாய், உட்செவி, மேலே மூளையைப் பிரிக்கும் மெல்லிய தட்டு எல்லாம் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. சொட்டு மருந்தால் அந்தப் பை போகாது. அறுவை சிகிச்சைதான் வழி. அதனால்தான் நாற்றத்தைக் கேட்கச் சொல்கிறேன். நாற்றம் இருந்தால் அதுதான் என்று தன்னார்வலர் முடிவு கட்ட வேண்டாம். அதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு, காத்திருக்காமல் அனுப்பினால் போதும்.

---

தளி_மகன் எழுதியது:

நீங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் என் அப்பாவின் நிலைமையை இங்கே சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. அவருக்கு 68 வயது, 15 ஆண்டுகளாகச் சர்க்கரை. போன ஆண்டு இடது காதில் வலி. நாங்கள் குறும்பி அடைத்திருக்கிறது என்று நினைத்தோம். பக்கத்து ஊரில் ஓரிடத்தில் பிச்சாங்குழல் போட்டுத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினார்கள். அன்றிரவிலிருந்து வலி அதிகமானது. பகலில் ஓரளவு, இரவில் தூங்கவே முடியாத அளவுக்கு. வலி மாத்திரை போட்டும் நான்கு வாரம் ஓட்டிவிட்டோம். ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது வாயின் ஒரு பக்கத்தில் தண்ணீர் ஒழுகியது. கண்ணை மூட முடியவில்லை. பக்கவாதம் என்று பயந்து போனோம். தர்மபுரியில் சேர்த்த பிறகுதான் காதிலிருந்து வந்தது என்றார்கள். இரண்டு மாதம் மருந்து. இதற்கும் நீங்கள் சொல்லும் சீழுக்கும் தொடர்பு உண்டா? அப்பாவின் வீட்டுக்கு மாதம் தவறாமல் மாத்திரை கொண்டு வரும் பெண் வருவார். அவரிடம் நாங்கள் காது வலியைச் சொன்னதே இல்லை, அவரும் கேட்கவில்லை. இது குறை சொல்வதற்காக அல்ல, சர்க்கரைக்கும் காதுக்கும் என்ன என்று எங்களுக்கே தெரியாது.

---

காது_மூக்கு_மருத்துவர் எழுதியது:

ஐயா, உங்கள் அப்பாவுக்கு நேர்ந்தது வேறு நோய். ஆனால் இந்தப் பேச்சில் கட்டாயம் இடம்பெற வேண்டிய நோய். நான் அவரைப் பார்க்காததால் உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்கள் விவரிப்பது, வயதான சர்க்கரை நோயாளிகளுக்கு வெளிச்செவிக் குழாயிலிருந்து தொடங்கி மண்டையோட்டு எலும்புக்குள் பரவும் தொற்று. பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற கிருமியால் வருகிறது. வெளியில் இருந்து பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது, வலி மட்டும் அளவுக்கு மீறி இருக்கும்; இரவில் கூடும்; சாதாரண வலி மாத்திரைக்குக் கட்டுப்படாது. முகம் ஒரு பக்கம் இழுப்பது எலும்பிலிருக்கும் நரம்பை அது தொட்டுவிட்டதன் அடையாளம். ஆறு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் மருந்து தேவைப்படும்.

தண்ணீர் பாய்ச்சிக் கழுவியதுதான் காரணமா என்று நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் சர்க்கரை உள்ளவருக்கும், செவிப்பறையில் ஓட்டை இருப்பதாகச் சந்தேகம் உள்ளவருக்கும் தண்ணீர் பாய்ச்சிக் கழுவக் கூடாது என்பது எங்கள் வழக்கம்.

செவிலியம்மா, தன்னார்வலர்கள் சர்க்கரைக்காரர்களைத்தான் மாதாமாதம் பார்க்கிறார்கள். ஆகவே "காதில் வலி இருக்கிறதா, இரவில் தூக்கம் கெடுகிறதா?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்துவிடுங்கள். இருக்கிறது என்றால் அதே வாரம் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

---

அஞ்செட்டி_தன்னார்வலர் எழுதியது:

நான் தன்னார்வலர்தான், மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எங்கள் ஊரில் சொந்தக் கேள்வி ஒன்று. பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க, பின்னால் நின்று கைதட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் தட்டினால் எல்லாப் பிள்ளைகளும் திரும்புகிறார்கள். அப்படியானால் எல்லோருக்கும் காது நன்றாக இருக்கிறது என்று எழுதலாமா? எங்கள் ஊரில் பலர் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறார்கள். நான் தமிழில் கேட்டால் பதில் சொல்லாமல் விழிக்கிறார்கள், அது காதுக் குறையா, மொழியா என்று தெரியவில்லை. காய்ந்த துணி வைத்துச் சுத்தம் செய்வதைப் பற்றியும் விரிவாகச் சொல்லுங்கள். நான் தீக்குச்சியில் பஞ்சு சுற்றிச் செய்து கொடுத்திருக்கிறேன்.

---

ஏரியூர்_செவிலி எழுதியது:

சகோதரி, தீக்குச்சியை முதலில் கைவிடுங்கள். பஞ்சு நழுவிக் குச்சி முனை செவிப்பறையில் படும். பலர் ஊசியிலும் கொண்டை ஊசியிலும் செய்து காதைக் கெடுத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

துணித் திரி எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். நன்றாக நீர் உறிஞ்சும் மெல்லிய பருத்தித் துணி வேண்டும். பழைய வேட்டித் துண்டு நல்லது. கொதிக்க வைத்து வெயிலில் காய வைத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். கை கழுவி, ஒரு விரல் நீளத்துக்குத் துணி எடுத்து, முனை கூராக வருமாறு இரண்டு விரலிடையே உருட்டித் திரியாக்குங்கள். பிள்ளையின் காதுமடலை மேலும் பின்னும் மெல்ல இழுத்து, தடுத்தால் நிறுத்தி, திரியைக் காதுக்குள் நுழைத்து ஒரு நிமிடம் விடுங்கள். ஈரமான திரியை எடுத்து, புதுத் திரியை வையுங்கள். எடுத்த திரி காய்ந்து வரும் வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு திரியைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. எடுத்த திரியைப் பார்த்துவிட்டு மோந்தும் பாருங்கள். நிறம், நாற்றம், அளவு மூன்றும் அதிலேயே இருக்கின்றன. இதைத் தாய்க்குக் கற்றுக்கொடுத்து, அவரே செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஆனால் துணித் திரி மட்டும் சிகிச்சையாகிவிடாது. மருத்துவர் சொட்டு மருந்து எழுதியிருந்தால், காயவைத்த பிறகுதான் விட வேண்டும். சீழ் நிரம்பிய காதில் விட்டால் மருந்து உள்ளே போகாது. மருந்து பாட்டிலைக் கையில் பிடித்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள், குளிர்ந்த சொட்டு தலைச்சுற்றலைத் தரும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்துச் சொட்டு விட்டு, காது ஓட்டைக்கு முன்னால் இருக்கும் சிறு குருத்தெலும்பை நான்கைந்து முறை மெல்ல அமுக்கினால் மருந்து உள்ளே இறங்கும். அப்படியே ஐந்து நிமிடம் படுத்திருக்கட்டும்.

கைதட்டலைப் பற்றி மருத்துவர் ஐயா சொல்லட்டும்.

---

காது_மூக்கு_மருத்துவர் எழுதியது:

கைதட்டல் பெரிய சத்தம். மிதமான கேட்பிழப்பு உள்ள பிள்ளையும் திரும்பும். ஒரு காது மட்டும் கெட்டிருந்தாலும் மற்றக் காதால் கேட்டுத் திரும்பும். காற்றசைவையும் உங்கள் நிழலையும் பார்த்தும் திரும்பும். எனவே கைதட்டலுக்குத் திரும்பினால் காது நன்றாக இருக்கிறது என்று எழுதாதீர்கள். திரும்பாவிட்டால் மட்டும் அது ஒரு பெரிய எச்சரிக்கை.

பள்ளி வயதுப் பிள்ளைக்கு முணுமுணுப்புச் சோதனை மேல். பிள்ளையின் பின்னால், கைநீளத் தொலைவில், அதாவது சுமார் 60 சென்டிமீட்டரில் நில்லுங்கள். உங்கள் வாய் தெரியக் கூடாது. சோதிக்காத காதின் முன் குருத்தெலும்பை ஒரு விரலால் அமுக்கித் தேய்த்துக்கொண்டே இருங்கள், அப்போதுதான் அந்தக் காது கேட்காது. மூச்சை முழுதாக விட்டுவிட்டு, மூன்று எண்களைக் குரல் எழாமல் காற்றாக மட்டும் முணுமுணுக்க வேண்டும், பேசக் கூடாது. பிள்ளை திரும்பச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லாவிட்டால் வேறு மூன்று எண்களில் மறுபடி ஒருமுறை. இரண்டு முறையிலும் சேர்த்துப் பாதி எண்களாவது வந்தால் தேறியது. மொழிச் சிக்கலைத் தவிர்க்க, வீட்டில் அந்தப் பிள்ளை எண்ணிப் பழகும் மொழியிலேயே எண்களைச் சொல்லுங்கள். முதலில் முகத்தைப் பார்த்தபடி சாதாரணக் குரலில் சொல்லிப் பாருங்கள். சாதாரணக் குரலுக்கே விழித்தால் அது மொழியாகவோ கூச்சமாகவோ இருக்கலாம், ஆனால் காது நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள்; முணுமுணுப்புக்கு மட்டும் விழித்தால் காதைச் சந்தேகிக்கலாம்.

இதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவரும் முணுமுணுக்கும் அளவு வேறு. கல் உடைக்கும் சத்தமோ மாவு மில்லின் சத்தமோ உள்ள இடத்தில் முடிவு தவறாகும். மிக லேசான கேட்பிழப்பை இது காட்டாது. இதில் தேறிய பிள்ளைக்கும் சீழ் வடிந்தால் அனுப்பித்தான் ஆக வேண்டும்.

---

அரூர்_ஆசிரியை எழுதியது:

நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. பின் வரிசையில் உட்காரும் ஒரு மாணவன், நான் பலகையின் பக்கம் திரும்பிப் பேசினால் பதில் சொல்வதில்லை, முகத்தைப் பார்த்துப் பேசினால் சொல்கிறான். சீழும் இல்லை, வலியும் இல்லை என்கிறான். அவனை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டேன். இது போதும் என்று நினைக்கிறேன். பள்ளிச் சிறார் நலக் குழு வரும்போது சொல்லிக்கொள்ளலாம்தானே?

---

காது_மூக்கு_மருத்துவர் எழுதியது:

முன்வரிசை நல்லது, ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளை அவன் என்பதை நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள். சீழ் இல்லாமல், வலி இல்லாமல், செவிப்பறைக்குப் பின்னால் கெட்டியான நீர் தேங்கி கேட்பு மங்குவது பிள்ளைகளிடம் அடிக்கடி பார்ப்பது. சளி நின்ற பிறகு பலருக்குத் தானே வடிந்துவிடும். மூன்று மாதம் ஆகியும் போகாவிட்டால் மருத்துவர் கவனிக்க வேண்டும். தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழு உங்கள் பள்ளிக்கு வரும் தேதி பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள். தள்ளி இருந்தால் காத்திருக்காமல் பெற்றோரிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பிறந்த குழந்தைகள், ஒரு வயதுப் பிள்ளைகளின் விஷயம் தனி. இங்கே அதற்குள் போகவில்லை.

---

பாலக்கோடு_மருந்தாளுநர் எழுதியது:

டாக்டர் ஐயா, ஜென்டாமைசின் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். இனி சீழ் வடிகிறது என்று கேட்பவருக்கு அதைக் கொடுக்க மாட்டேன். ஒரு சந்தேகம். குளிக்கும்போது காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது என்கிறோம். ஆனால் காதில் எதையும் வைக்கக் கூடாது என்றும் சொல்கிறோம். ஊர்ப் பிள்ளைகள் கிணற்றிலும் ஏரியிலும் குதிக்கிறார்கள். பஞ்சில் வாசலின் தடவி வைக்கலாம் என்று நான் சொல்லி வந்தேன், அதுவும் தவறா?

---

ஏரியூர்_செவிலி எழுதியது:

அது தவறில்லை ஐயா, நேரம்தான் முக்கியம். தலைக்குக் குளிக்கும் அந்த ஐந்து நிமிடம் மட்டும், வாசலின் தடவிய பஞ்சைக் காதின் வாயில் வைத்து, குளித்தவுடன் எடுத்துவிட வேண்டும். அப்படியே அடைத்து வைத்தால் சீழ் உள்ளேயே தேங்கும்; அதைத்தான் கூடாது என்கிறோம். கிணற்றிலும் ஏரியிலும் குதிப்பதைப் பஞ்சு தடுக்காது. சீழ் நிற்கும் வரை கூடவே கூடாது. எண்ணெய், தாய்ப்பால், இலைச் சாறு எதுவும் கூடாது.

இப்போது மருத்துவர் ஐயா கேட்டதற்குப் பதில். அந்தப் பெண்ணுக்குச் சீழ் மிகக் குறைவு, நாற்றம் மட்டும் அதிகம். வலது காதில் முணுமுணுப்பு எட்டவேயில்லை. இடது காது சரி. காதின் பின்புறம் வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் காது பார்க்கும் கருவியால் பார்த்தார்; சீழுக்கு நடுவே சரியாகத் தெரியவில்லை. துணித் திரியும் சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு மருந்தும் இரண்டு வாரம் கொடுத்து, ஐந்தாம் நாள் ஒருமுறை வரச் சொன்னார். ஈரம் குறைந்தது, நாற்றம் போகவில்லை. இரண்டு வாரம் கழித்துக் காய்ந்த காதில் பார்த்தபோது செவிப்பறையின் மேற்புறத்தில் வெண்மையாகச் செதில் தெரிந்தது. உடனே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார். கேட்பு அளவீடும் சி.டி. ஸ்கேனும் எடுத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். கேட்பு எலும்பு ஒன்றை அது அரித்திருந்தது. இப்போது சீழ் இல்லை. ஆனால் வலது காதின் கேட்பு முழுதாகத் திரும்பவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காதைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் எனக்குள்ள ஐயம் இது. நாற்றம் தெளிவாக இருந்தும் இரண்டு வாரம் காத்திருந்தோமே, அது சரியா? நேராக அனுப்பியிருக்க வேண்டாமா?

---

காது_மூக்கு_மருத்துவர் எழுதியது:

இதில் என் தொழில் நண்பர்களிடமே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் மருத்துவர் செய்தது தவறல்ல; ஈரக் காதில் எதுவும் தெரியாது, காய்ந்தால்தான் தெரியும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆண்டுக்கணக்கில் நாற்றம், ஒரு காதில் கேட்பிழப்பு என்றால், நான் சொட்டு மருந்தைத் தொடங்கிவிட்டு அதே வாரத்தில் சீட்டும் கொடுத்து அனுப்புவேன். இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம். மறுபுறம், ஏரியூரிலிருந்து தர்மபுரி போக ஒரு நாள் கூலி போகும் என்று ஒரு தாய் சொன்னால், முதல் முறையே போய்ப் பயன் இல்லாமல் திரும்பினால் அடுத்த முறை போகவே மாட்டார் என்பதையும் உங்கள் மருத்துவர் நினைத்திருக்கலாம். இதை அந்தந்த வட்டார மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஆனால் அன்றே அனுப்ப வேண்டியவற்றில் இரண்டாம் எண்ணத்துக்கு இடமில்லை. காதின் பின்புறம் வீங்கி, தொட்டால் வலித்து, மடல் முன்பக்கம் தள்ளி நிற்பது. சீழோடு கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம். முகம் ஒரு பக்கம் இழுப்பது. நிற்க முடியாத தலைச்சுற்றல். பெரியவர்களுக்கு ஓரிரு நாளில் திடீரெனக் காது கேட்காமல் போவது. இதற்கு நாள் தள்ளினால் மருந்தின் பலன் குறையும், பலர் குறும்பி என்று வாரக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பிள்ளை காதுக்குள் கைக்கடிகார பேட்டரி போட்டுக்கொண்டது. அது சில மணி நேரத்தில் தோலைப் புண்ணாக்கிவிடும். இவற்றில் துணித் திரி, சொட்டு மருந்து எதற்கும் நேரம் செலவழிக்க வேண்டாம். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள் அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

---

அஞ்செட்டி_தன்னார்வலர் எழுதியது:

நன்றி ஐயா. இன்னும் ஒன்று. நாங்கள் சீட்டு எழுதி அனுப்பினாலும் சிலர் போவதில்லை. சீழ் நின்றுவிட்டது, பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். அப்போது நான் என்ன செய்வது?

---

ஏரியூர்_செவிலி எழுதியது:

சகோதரி, சீட்டின் மறுபுறத்தில் முதலில் பார்த்த தேதியைக் கட்டாயம் எழுதுங்கள். அடுத்த முறை மாத்திரை கொடுக்கப் போகும்போது அந்தத் தேதியிலிருந்து நாளைக் கூட்டித் தாயிடமே சொல்லச் சொல்லுங்கள். "சீழ் நின்றுவிட்டது" என்றால், ஒரு துணித் திரியை உருட்டி அவர் கையிலேயே கொடுத்து, பிள்ளையின் காதில் வைத்து எடுத்து மோந்து பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்து, நாற்றமில்லாமல் வந்தால் முணுமுணுப்புச் சோதனை செய்யுங்கள். அதிலும் தேறினால் அடுத்த சளிக்காலம் வரை கண்காணிக்கலாம், ஆனால் ஒருமுறையாவது மருத்துவர் காதுக்குள் பார்த்திருக்க வேண்டும். நாறினால் அந்தத் திரியைச் சீட்டோடு ஒரு காகிதத்தில் மடித்து என்னிடம் அனுப்பிவிடுங்கள், நானே அந்த வீட்டுக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் மூன்று பிள்ளைகளை இப்படித்தான் அனுப்பியிருக்கிறோம்.

பேச்சில் மாற்றங்களைச் செய்துவிட்டேன்: மூன்று கேள்விகளோடு சர்க்கரைக்காரருக்கான இரவு வலிக் கேள்வியும் சேர்ந்துள்ளது, கைதட்டலை எடுத்துவிட்டு முணுமுணுப்பை வைத்திருக்கிறேன், துணித் திரியை நேரில் உருட்டிக் காட்டப் பழைய வேட்டித் துண்டுகளைக் கொதிக்கவைத்து எடுத்துப்போகிறேன். முணுமுணுப்பை 22 பேரும் ஒருவர்க்கொருவர் செய்து பார்க்க அரை மணி நேரமாவது வேண்டும் என்பதால், பேச்சு 15 நிமிடமாகக் குறையும்.